மணிக்கா, வேலைக்கா, மாதத்துக்கா

கண்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பத்தொரு வருடம் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். கடைசிப் பதினான்கு வருடம் அந்தப் பகுதிக்கு நான்தான் சூப்பர்வைசர். நூற்றுப் பத்து அறை. எத்தனை விரிப்பு மேலே போனது, எத்தனை துவாய் திரும்பி வந்தது, எந்த மாடியில் தலையணை உறை குறைகிறது என்பதை யாரும் தாளைப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் இருந்த காலத்தில் கறையோடு ஒரு விரிப்பு கட்டிலுக்குப் போனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வேலையை விட்டு ஐந்து வருடம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் அந்தக் காலத்தில் அதே ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நின்றவர். அப்போது ஒல்லியாக இருந்தார். இப்போது அவருக்கு மூன்று விருந்தினர் விடுதிகள். பெரியது அம்பிட்டியவில், சின்னது குண்டசாலையில், இன்னொன்று தெல்தெனியவில் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி. கையில் ஒரு பை வைத்திருந்தார். கதிரையில் உட்காருவதற்கு முன்னமே பைக்குள் இருந்து ஒரு விரிப்பை எடுத்து என் மடியில் போட்டார்.

"அக்கா, இதப் பாருங்கொ. வாங்கி எட்டு மாசம்தான் ஈக்கும். நாலு தலைமுறை படுத்த மாதிரி ஈக்குது."

வெள்ளை விரிப்பு மஞ்சளும் காவியுமாகத் திட்டுத்திட்டாகக் கிடந்தது. ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். குளோரின் வாசம் இன்னும் போகவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு வருடம் வறட்சியில் ஹோட்டலில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை எடுத்தார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு இருந்தது. இரும்புத் தண்ணீரில் குளோரினை ஊற்றினால் இரும்பெல்லாம் துருவாகித் துணியில் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளையாக்க வெள்ளையாக்க மஞ்சளாகும். அப்போது அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரமும், நாற்பது விரிப்பும், மனேஜரிடம் வாங்கிய ஏச்சும் செலவாகின. ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும்.

"பெரஹராவுக்கு ரெண்டு மாசம்தான் ஈக்குது. ஊர்வலம் பாக்க வாற ஆக்களால மூணு எடத்துலயும் ரூம் புக்காகிட்டுது" என்றார். "நீங்க வந்து எங்கட லோன்ட்ரில நில்லுங்கொ. ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்தி ஐந்நூறு தாறேன். பகல் சாப்பாடும் தாறேன்."

ரெண்டாயிரத்தைந்நூறு என்னைச் சுடவில்லை. பகல் சாப்பாடுதான் சுட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

உள்ளே சாப்பாட்டு மேசையில் மருமகள் கணினியோடு இருந்தாள். மகன் கட்டாரில். வீட்டில் நானும் அவளும்தான். ஹோட்டல்களில் சமைக்கிற குசினிகள் எப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும், எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவளுடைய வேலை. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. தனியாகச் செய்கிறாள். அப்படிச் செய்கிறவர்களைக் கன்சல்டன்ட் என்கிறார்கள். பாதி நாள் வீட்டிலேயே இருக்கிறவளுக்கு யார் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று நான் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"அத்தே, போய் நிக்காதீங்க" என்றாள், கணினியில் இருந்து கண்ணை எடுக்காமல். "நிக்கிறதுக்குக் காசு வாங்காதீங்க. தெரிஞ்சதுக்கு வாங்குங்க. நான் புரொபோசல் எழுதுறேன்."

"துணி துவைக்கச் சொல்லிக் குடுக்கிறதுக்கு ஒரு கன்சல்டன்டா? தெருவே சிரிக்கும்."

"அடுப்பு துடைக்கச் சொல்லிக் குடுத்துத்தான் நான் இந்த வீட்டு கரண்ட் பில்லக் கட்டுறேன். யாராச்சும் சிரிச்சாங்களா?"

"நான் சிரிச்சேனே."

"அது தெரியும் அத்தே."

அன்றே மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். போனால் வழி சொல்கிறவளாகப் போவேன். நாள் சம்பளத்துக்கு, பகல் சோற்றுக்கு, போய் நிற்க மாட்டேன். அவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வீட்டில்தான். வீட்டிலேயே இருந்து இருந்து எனக்குச் சலித்துப் போயிருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். மருமகள் விடுதி முதலாளிக்குப் போன் எடுத்து, எத்தனை அறை, எத்தனை கட்டில், எத்தனை மெஷின், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொரு விடுதிக்கும் கேட்டு எழுதினாள். அம்பிட்டியவில் பன்னிரண்டு அறை. தெல்தெனியவில் எட்டு. குண்டசாலையில் ஐந்து. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் இன்றும் மறக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"இப்ப விலை" என்றாள். "மாசம் எவ்வளவு கையில வந்தா உங்களுக்குத் திருப்தி?"

"தொண்ணூறாயிரம்" என்றேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

"மாசத்துக்கு எத்தனை மணித்தியாலம் வெளிய போய் வேலை செய்யலாம்? முழங்காலையும் நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

நினைத்துச் சொன்னேன். "முப்பது."

"அப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மூவாயிரம்."

எனக்கு வியர்த்துவிட்டது. அவர் நாள் முழுக்க நிற்பதற்கு ரெண்டாயிரத்தைந்நூறு சொன்னார். இவள் ஒரு மணித்தியாலத்துக்கு மூவாயிரம் என்கிறாள். "இவளே, அந்த மனுஷன் மயங்கி விழுந்துடுவாரு."

"நாள் சம்பளத்த மணிக்குப் பிரிச்சுப் பாக்காதீங்க அத்தே. சம்பளத்துல நிக்கிற ஆளுக்கு, சும்மா இருந்தாலும் சம்பளம் வரும். நமக்கு பஸ்ல போற நேரம், போன்ல பேசுற நேரம், இந்த மாதிரி உக்காந்து எழுதுற நேரம், வேலையே இல்லாத மாசம், எதுக்கும் யாரும் தர மாட்டாங்க. அதையெல்லாம் அந்த முப்பது மணித்தியாலம்தான் சுமக்கணும்."

அது சரியாகத்தான் இருந்தது. சரி, மணித்தியாலக் கணக்கே எழுது என்றேன். அவள் எழுதவில்லை. பேனையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்த விரிப்ப மடியில போட்டப்ப, என்ன பிழைன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்துச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"ஒரு நிமிஷத்துக்கு ஐம்பது ரூபா. அவரு விரிப்புக்கெல்லாம் லட்சக்கணக்கில போட்டிருப்பாரு. ஒண்ணும் தெரியாத ஒருத்தி போயி மூணு வாரம் தடவிக்கிட்டு இருந்தா அவளுக்கு லட்சம் கிடைக்கும். உங்களுக்கு ஐம்பது ரூபா."

மணித்தியாலக் கணக்கில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அதை அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. நான் எதையும் நிதானமாகச் செய்கிறவள். யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது, பெரிய மனேஜர்களே முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள். மணிக்குக் காசு என்றால், நான் நிதானமாக ஒரு துவாயை மடிக்கும்போது அவர் கண் கடிகாரத்துக்குப் போகும். அது எனக்குப் பொறுக்காது.

இரண்டாவது வழி, வேலை முழுக்க ஒரு தொகை. "அது கொந்தராத்துதானே" என்றேன். மதில் கட்டுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவளும் ஆமாம் என்றாள். அம்பிட்டியவுக்கு இருபது மணித்தியாலம், தெல்தெனியவுக்குப் பதினாறு, குண்டசாலைக்குப் பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்தெட்டு. மூவாயிரத்தால் பெருக்கினால் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். அதற்கு மேல் கால் பங்கு போட்டாள். ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

"கால் பங்கு எதுக்கு?"

"நாம நினைக்காதது ஏதாச்சும் வரும். வரும்போது அவருக்கிட்ட போயி இன்னும் தாங்கன்னு கேக்க முடியாது. சொன்ன தொகை சொன்னதுதான். அந்தப் பயத்துக்கு விலை."

கொந்தராத்தில் முக்கியம் விலை இல்லை, வேலை எங்கே முடிகிறது என்பதுதான் என்று அவள் சொன்னாள். அதை எழுத ஒரு மணித்தியாலம் போயிற்று. எவை உண்டு, எவை இல்லை. ஒவ்வொரு விடுதியிலும் போய்ப் பார்ப்பது உண்டு. துவைக்கும் முறையைச் சுவரில் ஒட்டும்படி எழுதிக் கொடுப்பது உண்டு. வேலையாட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இரண்டு முறை, மூன்றாவது முறை என்றால் தனிக் காசு. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வைக்க வேண்டும், ஒன்று கட்டிலில், ஒன்று துவையலில், ஒன்று அலுமாரியில் ஆறிக்கொண்டு. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது உண்டு. விரிப்பு வாங்கிக் கொடுப்பது இல்லை. மெஷின் பழுது பார்ப்பது இல்லை. "வேலையாட்கள் நன்றாகப் பழகும்வரை" என்று நான் ஒரு வரி சொன்னேன். அவள் அதை வெட்டினாள். "நல்லாப் பழகுறதுன்னா என்னான்னு யார் சொல்றது? அவரு சாகும்வரை பழகலன்னு சொல்லலாம்."

மூன்றாவது வழிதான் எனக்குப் புதிது. ரிட்டெய்னர் என்றாள். மாதாமாதம் ஒரு தொகை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். அதற்குப் பதிலாக அவர் கூப்பிட்டால் நாம் இருக்க வேண்டும்.

"சும்மா இருக்கிறதுக்கு யாரு காசு தருவாங்க?"

"உங்க ஹோட்டல்ல லிஃப்ட் கம்பெனிக்குக் குடுக்கலியா?"

கொடுத்தார்கள். லிஃப்ட் நின்றாலும் நிற்காவிட்டாலும் மாதம் ஒரு ஆள் வந்து பார்த்து, எண்ணெய் விட்டு, புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். நின்றால் அன்றே வருவார். மனேஜர் நிம்மதியாகத் தூங்கினார், அந்தத் தூக்கத்துக்குத்தான் காசு. எனக்கு விளங்கியது. மாதம் பத்து மணித்தியாலம் வரை, இருபத்தேழாயிரம். மூவாயிரப்படி முப்பதாயிரம் வர வேண்டும். நிச்சயமாக வரும் காசு என்பதால் கொஞ்சம் குறைத்தாள். பாவிக்காத மணித்தியாலம் அடுத்த மாதத்துக்குப் போகாது. பத்துக்கு மேல் போனால் மூவாயிரப்படி. போனில் பேசினாலும் கால் மணித்தியாலமாகக் கணக்கு வரும். குறைந்தது மூன்று மாதம், நிறுத்துவதென்றால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும்.

மூன்றையும் ஒரே தாளில் எழுதி, கொந்தராத்தும் அதற்குப் பிறகு மூன்று மாத ரிட்டெய்னரும் எடுப்பது நல்லது என்று எங்கள் யோசனையையும் அடியில் எழுதினாள். எழுதியது ஆங்கிலத்தில். எனக்கு விளங்காத தாளில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. மெதுவாகத்தான் போகும். இரண்டு நாள் எடுத்தது. அவள் பொறுமையாக இருந்தாள். மெயிலில் அனுப்பினோம்.

அன்று பின்னேரமே போன் வந்தது.

"அக்கா, தாள் கெடச்சுது. பாக்குறேன். அதுக்கு முந்தி ஒரு சின்னக் கேள்வி. அந்த மஞ்சள் எனத்தால வருது?"

கேட்டவருக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. குளோரினை நிப்பாட்டுங்க தம்பி, தண்ணியில இரும்பு இருக்கு என்றேன். மறுநாள் இன்னொரு சின்னக் கேள்வி. பழைய கறைக்கு என்ன போடுவது? துரு எடுக்கிற மருந்து இருக்கிறது, கையுறை போட்டுப் பாவிக்க வேண்டும் என்றேன். அதற்கு மறுநாள், எத்தனை முறை அலசுவது. ஒரு வாரத்தில் ஏழு போன். ஒவ்வொன்றையும் வைத்த பிறகு எனக்கு நல்ல உற்சாகமாக இருந்தது. குளிக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

எட்டாவது நாள் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"கடையில சாமானையெல்லாம் சும்மா குடுத்துட்டு, இப்ப கல்லாவுல போயி உக்காரப் போறோம் அத்தே" என்றாள்.

"ரெண்டு வார்த்தை சொன்னதுக்கா?"

"அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் ஒரு லட்சத்து எண்பதாயிரம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை முதலாளி எங்களை அம்பிட்டியவுக்கு வரச் சொன்னார். டவுனில் பஸ் மாறி, ஏற்றத்தில் இறங்கி, மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தோம். அவர் கணக்கு வழக்குப் பார்க்கும் கந்தோர் அறையில் ஃபேன் போட்டு, நல்ல கோப்பையில் தேத்தண்ணீர் வைத்தார். மருமகளின் தாள் அவர் முன்னால் இருந்தது. என் கொப்பி என் மடியில்.

"மஞ்சள் நிண்டுட்டுது அக்கா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "உங்கட புண்ணியம். இப்ப இதுல மணித்தியாலத்துக்கு மூவாயிரம் எண்டு எழுதி ஈக்குதே, அது போதும். ரெண்டு மணித்தியாலம் வந்து புள்ளைகளுக்குச் செல்லிக் குடுத்துட்டுப் போங்கொ. ஆறாயிரம். இந்தக் கொந்தராத்து எனத்துக்கு?"

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. பிரச்சினை இருந்தபோது அதற்கு விலை இருந்தது. நான் அதைத் தேத்தண்ணீரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது நேரம் மட்டும். நேரத்தைத்தான் அவர் கேட்கிறார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. தெல்தெனிய விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர். சிங்களத்தில் பேசினார்கள். முதலாளியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ராத்திரியோட ரூம விட்டுட்டுப் பெய்த்துட்டாங்களாம். விரிப்புல ஈரச் சாக்கு மணக்குதாம். புக் செய்யிற வெப்சைட்ல போட்டோவோட எழுதி ஈக்குறாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நீங்க செல்லின மாதிரிதான் செஞ்சேன். மூணு எடத்துலயும் குளோரின நிப்பாட்டினேன்."

மூணு எடத்துலயும் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

"தெல்தெனியவில என்ன தண்ணி?" என்று கேட்டேன்.

"அரசாங்கக் குழாய்த் தண்ணி."

"இங்க?"

"இங்க கிணறு. அந்த மஞ்சள் விரிப்பு இங்கத்ததுதான்."

"அங்க துணி எங்க காயுது?"

"கீழ்த்தளத்துல, உள்ளுக்கு. வெளிய போட்டா குரங்கு இழுத்துட்டுப் போகுது."

எல்லாம் விளங்கியது. அங்கே தண்ணீரில் குறையே இல்லை. காற்றில்லாத கீழ்த்தளத்தில் துணி முழுதாகக் காயாமலே மடிக்கப்பட்டது. அந்தப் பூஞ்சை மணத்தை இத்தனை நாளும் குளோரின் அமுக்கி வைத்திருந்தது. நான் குளோரினை நிறுத்தச் சொன்னேன். மணம் எழும்பிவிட்டது. முப்பத்தொரு வருடம் ஒரே ஹோட்டலில், ஒரே தாங்கித் தண்ணீரில் வேலை செய்தவள் நான். வறட்சி வருடத்தில்கூட எல்லாத் துணிக்கும் ஒரே தண்ணீர்தான். மூன்று வீட்டில் மூன்று தண்ணீர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மருமகள் வேறு கேட்க வேண்டுமா என்றபோது தலையை ஆட்டியவள் நான்தான்.

மருமகள் வாயைத் திறந்தாள். "சேர், போன்ல சும்மா சொன்னதுக்கு..."

அவள் கையில் என் கையை வைத்து நிறுத்தினேன். அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். காசு வாங்காமல் சொன்னதுக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்லப் போகிறாள். அது தாளுக்குச் சரியாக இருக்கலாம்.

"காசு வாங்காட்டியும் சொன்னது நான்தான் தம்பி" என்றேன். "எந்த வீடுன்னு கேக்காம சொன்னேன். அது என் பிழை. ஹோட்டல்ல இருந்த காலத்துல எனக்குக் கீழ யாராச்சும் இப்படிச் செஞ்சிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்."

அவர் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார்.

"இப்ப ஒண்ணு விளங்குது பாருங்க" என்றேன். "ரெண்டு மணித்தியாலம் இங்க வந்து பேசிட்டுப் போனா, இதே பிழையத்தான் இன்னொருக்கா செய்வேன். இந்த வீட்டுக்குச் சொன்னது அந்த வீட்டுக்கு ஆகாது. ஒவ்வொண்ணுக்கும் போயி, தண்ணியத் தொட்டு, துணி காயுற எடத்துல நின்னு பாத்துத்தான் சொல்லணும். இந்தக் கொந்தராத்துல இருக்கிறது அதுதான்." கொப்பியைத் திறந்து அந்த வரியை வாசித்தேன். ஒவ்வொரு விடுதியிலும் நேரில் பார்த்தல். எழுதியபோது அந்த வரியின் பெறுமதி எனக்கே தெரியாது.

"அந்த ஏழு போனுக்கும் காசு வேணாம்" என்றும் சொன்னேன். "அது நான் குடுத்தது. குடுத்ததத் திருப்பிக் கேக்க மாட்டேன். ஆனா இனிமே தாள்ல உள்ளபடிதான்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு லட்சத்து எண்பது கூட அக்கா. பெரஹரா வரக்குள்ள எனக்கு வேற செலவும் ஈக்குது. ஒண்டரை செய்யுங்கொ."

எனக்குச் சரி என்று வாய்வரை வந்துவிட்டது. பிழை செய்தவள் பேரம் பேசலாமா என்று ஒரு கூச்சம். மருமகள் முந்திக்கொண்டாள்.

"விலையக் குறைக்கிறதுன்னா வேலையையும் குறைக்கணும் சேர். எத எடுக்கலாம்?"

இதை நான் அவளிடம்தான் படித்தேன். அதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று ஆகிவிடும். வேலையில் ஒரு துண்டை எடுத்தால் விலை மெய்யாகவே இருக்கும். நான் யோசித்தேன். "குண்டசாலையில அஞ்சு ரூம்தானே. அங்க துவைக்க வேணாம். துணிய இங்க அனுப்புங்க. ஒரு த்ரீவீல் போதும். அந்த வீட்டக் கணக்குல இருந்து எடுத்துடலாம்."

மருமகள் பன்னிரண்டு மணித்தியாலத்தை வெட்டினாள். மிச்சம் முப்பத்தாறு. கால் பங்கும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம். அவர் கேட்ட ஒன்றரையைவிடக் குறைவு. அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது.

"நான் கேட்டதவிடக் கொறச்சலாச் செல்லுறீங்க!"

"வேலையும் கொறச்சல்தான் சேர்" என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

முற்பணம் பாதி என்று தாளில் இருந்தது. அவர் மூன்றில் ஒன்று என்றார். இழுபட்டு நாற்பது சதவீதத்தில் நின்றது. ஐம்பத்து நாலாயிரம். தெல்தெனியவைத்தான் முதலில் பார்ப்பேன் என்று நான் சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கெடுத்ததை நான்தான் முதலில் சரி பண்ண வேண்டும். ரிட்டெய்னர் வேண்டுமா என்று மருமகள் கேட்டாள். அவர் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தார். போனில் பேசினாலும் கால் மணித்தியாலம் என்ற வரியில் விரல் நின்றது.

"இது என்னப் பாத்துத்தான் எழுதினதா?"

"இல்ல சேர், அது எல்லாருக்கும் எழுதுறது."

"எனக்குத்தான் பொருந்துது" என்று சிரித்தார். "சரி. இந்த வேலை முடிஞ்ச பொறகு மூணு மாசம். பாப்போம்."

மருமகள் திருத்திய தாளை அங்கேயே அச்சடித்து எடுத்தார்கள். என் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது. அது கன்சல்டன்ட் என்று அவள் காட்டினாள். எனக்கு அந்தச் சொல்லை ஒரு முறை பார்த்தால் போதுமாக இருந்தது. தமிழில் கையெழுத்து வைத்தேன். அவரும் வைத்தார். முதலாளி மேலே பகல் சாப்பாடு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். விருந்தாளியாகக் கூப்பிட்டார். சாப்பிட்டோம். கறி நன்றாகத்தான் இருந்தது.

தெல்தெனியவுக்கு வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அக்கா, ஒரு சின்னக் கேள்வி. அங்க இப்ப அந்த மணத்துக்கு வினாகிரி கொஞ்சம் ஊத்தினா சரி வருமா?"

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அலசுகிற தண்ணீரில் வினாகிரி விடலாம், அந்தப் புளிப்பு மணத்தை எடுக்கும், ஆனால் குளோரின் மிச்சம் இருக்கும் துணியில் விடக்கூடாது, விஷப் புகை வரும். அந்தக் கீழ்த்தளத்தில் இப்போது என்ன ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு வழியாக மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"எதையும் ஊத்தாதீங்க தம்பி" என்றேன். "நாளைக்கு நான் வர்றேன். வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"ஒரு சொல்லு செல்லுங்கொவேன் அக்கா."

"நாளைக்கு" என்று சொல்லி வைத்தேன். மிச்சக் கீரையை ஆய்ந்தேன். ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தாறு மணித்தியாலத்தில் இதற்குக் கணக்கு எழுதவில்லை.